டிரைவ் எந்த நிலையில் இருக்கிறது? கோச்சுகளுக்கு மூன்று கற்றல் நிலைகள்

கேள்வி: பயிற்சியாளர் வகுப்பில் காக்னிட்டிவ், அசோசியேட்டிவ், ஆட்டோனமஸ் என்று மூன்று நிலை சொல்லிக் கொடுத்தார்கள். பேட்டிங்கில் அது எப்படிப் பொருந்தும்? ஒரு பையன் எந்த நிலையில் இருக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு நிலையிலும் கோச் என்ன செய்ய வேண்டும்? என்னிடம் உள்ள ஒருவன் நெட்ஸில் டிரைவ் அழகாக ஆடுகிறான், மேட்சில் அதே ஷாட்டில் எட்ஜ் ஆகிறான்.

பதில்:

முதலில் ஒரு திருத்தம். நிலை என்பது பையனுக்கு உரியது அல்ல, ஷாட்டுக்கு உரியது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு குறிப்பிட்ட ஷாட்டை ஒரு குறிப்பிட்ட சூழலில் ஆடுவதற்கு உரியது. ஒரே பையனின் ஃபார்வர்ட் டிஃபென்ஸ் மூன்றாவது நிலையில் இருக்கும், டிரைவ் இரண்டாவதில் இருக்கும், ஸ்வீப் முதல் நிலையையே தாண்டியிருக்காது. அந்த டிரைவும் மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் த்ரோ டவுனுக்கு மூன்றாவது நிலை, 120-இல் வரும் புதுப்பந்துக்கு இரண்டாவது நிலை என்று இருக்கலாம். உங்கள் பையனுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். நெட்ஸில் அவன் ஆடுவது எப்போதும் வரும் என்று அவனுக்குத் தெரிந்த பந்தை. மேட்சில் எந்தப் பந்து வரும் என்று அவனுக்குத் தெரியாது.

இந்த மூன்று நிலைப் பிரிவு அமெரிக்க உளவியலாளர்கள் பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் தந்தது, 1967-இல் வெளிவந்தது. விளையாட்டுக்கென்று மட்டும் எழுதப்பட்டதல்ல; கை, கண், உடல் சேர்ந்து செய்யும் எந்தத் திறனுக்கும் பொருந்தும் என்று சொன்னார்கள். முதல் நிலையில் கற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை யோசித்து யோசித்துச் செய்கிறார். இரண்டாவதில் யோசனை குறைந்து, அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, தவறுகள் சுருங்குகின்றன. மூன்றாவதில் அசைவு தானாக நடக்கிறது, கவனம் வேறு எதற்காவது கிடைக்கிறது. புத்தக விளக்கம் இவ்வளவுதான். நெட்ஸில் இதை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் விஷயம். அதற்கு ஒரே ஒரு ஷாட்டை, ஃபிரண்ட் ஃபுட் ஆஃப் டிரைவை எடுத்துக்கொண்டு, அதைப் புதிதாகக் கற்கும் வலது கை மாணவி ஒருத்தியைப் பின்தொடரலாம். வயது பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப் ஸ்டம்பை ஒட்டி ஃபுல் லென்த்தில் விழும் பந்தை மிட் ஆஃப் பக்கம் தரையோடு அடிக்க வேண்டும்.

முதல் நாள் அவள் எப்படி ஆடுவாள்? பந்து கையை விட்டு வந்ததும் காலை முன்னால் வைப்பாள். வைத்துவிட்டு நிற்பாள். அதன் பிறகுதான் பேட் வரும். கால் ஒரு வேலை, கை இன்னொரு வேலை என்று இரண்டும் தனித்தனியாக நடக்கும். சில பந்துகளுக்குத் தன் காலையே குனிந்து பார்ப்பாள், சரியான இடத்தில் வைத்தோமா என்று. ஒரு பந்து பேட்டுக்கு அடியில் போகும், அடுத்தது கீழ்க்கை இறுகி மிட் விக்கெட்டுக்குப் போகும், அதற்கடுத்தது காற்றில் எழும், நான்காவது திடீரென்று நடு பேட்டில் பட்டு அருமையாகப் போகும். அந்த நான்காவதை எப்படி அடித்தாய் என்று கேட்டால் முழிப்பாள்.

இதில் கோச் கவனிக்க வேண்டியது தவறுகளின் எண்ணிக்கையை அல்ல, அவை மாறி மாறி வருவதை. முதல் நிலையின் அடையாளம் அதுதான்: தவறுகள் பெரியவை, ஒவ்வொரு பந்துக்கும் வேறு வேறு. தவறு நடந்தது அவளுக்குத் தெரியும், ஏன் நடந்தது என்பது தெரியாது. ஆகவே ஒவ்வொரு தவறையும் துரத்திக்கொண்டு போவதில் பயனில்லை. ‘எல்போவைத் தூக்கு’ என்று சொல்லி முடிப்பதற்குள் தவறு காலுக்குப் போயிருக்கும். காலைச் சொன்னால் தலைக்குப் போகும். ஐந்து நிமிடத்தில் ஐந்து கட்டளை சேர்ந்துவிடும். அவள் கவனத்தில் இருக்கும் இடம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது, பந்தைப் பார்ப்பதற்கே அங்கே இடமில்லை.

இந்த நிலையில் நான் ஒரு அமர்வுக்கு ஒரே ஒரு குறிப்புதான் தருவேன். டிரைவுக்கு என் தேர்வு, ‘தலையைப் பந்துக்குக் கொண்டு போ’. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தலை பந்தை நோக்கிப் போனால் முன்தோள் கூடவே போகும், எடை முன்னால் வரும், முன்கால் எங்கே விழ வேண்டுமோ அங்கே பெரும்பாலும் தானே விழும். காலைப் பற்றிச் சொன்னால் இது நடக்காது. கால் நீளமாகப் போகும், தலை பின்னாலேயே தங்கும், பந்து காற்றில் எழும். ஒரு குறிப்பு மூன்று நான்கு அசைவுகளைச் சேர்த்து இழுத்து வர வேண்டும். அப்படிப்பட்டதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் முதல் நிலையில் கோச்சின் உண்மையான வேலை.

பந்து போடுவதும் அதற்கேற்ப இருக்க வேண்டும். முதலில் பந்தே இல்லாமல் சில முறை. பிறகு பக்கவாட்டில் நின்று பந்தைக் கையிலிருந்து விட்டு, அது ஒரு முறை எம்பும்போது அடிக்கச் சொல்லலாம். பிறகு ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று கீழ்க்கையால், ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் போடலாம். அந்தத் தூரத்தில் டென்னிஸ் பந்து போதும். கடினப் பந்து வேண்டாம், அவள் நேராக அடித்தால் அது உங்கள் மேல்தான் வரும். இங்கே எல்லாப் பந்தும் ஒரே மாதிரி வருவது தவறல்ல. எந்தப் பந்து, எந்த ஷாட் என்ற முடிவை அவள் தலையிலிருந்து நாம் இறக்கி வைக்கிறோம். அசைவை மட்டும் அவள் பார்த்துக்கொள்ளட்டும். ஆறு பந்துக்கு ஒரு இடைவெளி விடுங்கள். செய்து காட்டும்போது எதிரே நின்று மட்டும் காட்டாதீர்கள், அவளுக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். அவளுக்கு முன்னால், அவள் பார்க்கும் அதே திசையைப் பார்த்து நின்று, உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு முறையும் பக்கவாட்டிலிருந்து ஒரு முறையும் பார்க்க விடுங்கள்.

விதிகளைக் குறைவாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1992-இல் ரிச் மாஸ்டர்ஸ் கோல்ஃப் பட்டிங்கை வைத்துச் செய்த ஆய்வு அது. நிறைய விதிகள் சொல்லிக் கற்றுத் தரப்பட்டவர்களும், விதி எதுவும் சேராத வகையில் கற்றவர்களும் பிறகு நெருக்கடியில் ஆட வைக்கப்பட்டார்கள். விதியோடு கற்றவர்கள் நெருக்கடியில் முன்னேறவில்லை, விதியில்லாமல் கற்றவர்கள் தொடர்ந்து முன்னேறினார்கள். பதற்றம் வந்தால் மனம் தனக்குத் தெரிந்த விதிகளை எடுத்துவைத்துக்கொண்டு உடலைக் கண்காணிக்கத் தொடங்குகிறது. விதி அதிகம் தெரிந்திருந்தால் கண்காணிக்கவும் அதிகம் இருக்கும். நாம் முதல் மாதத்தில் சொல்லும் வார்த்தைகள் எங்கேயும் போய்விடுவதில்லை, ஒரு கடைசி ஓவரில் திரும்ப வரும்.

இரண்டாவது நிலைக்கு அவள் வந்துவிட்டாள் என்பது எப்படித் தெரியும்? இரண்டு அடையாளங்களைப் பார்ப்பேன். ஒன்று, தவறுகள் ஒரே மாதிரி ஆகிவிடும். பத்தில் மூன்று பந்து தப்பினால் மூன்றும் ஒரே விதமாகத் தப்பும்; உதாரணமாக மூன்றிலும் தலை ஆஃப் பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டாவது அடையாளம்தான் உறுதியானது. பந்து போன கையோடு, நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன் அவளே முகத்தைச் சுளிப்பாள். ‘என்னம்மா ஆச்சு?’ என்று கேட்டால், ‘தலை சாஞ்சிடுச்சு சார்’ என்பாள். அது வீடியோவோடு ஒத்துப்போனால் அவள் இரண்டாவது நிலையில் இருக்கிறாள். தவறை உள்ளிருந்தே உணரும் கருவி அவளுக்குள் வந்துவிட்டது. இன்னமும் ‘தெரியல சார்’ என்றால், ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் நிலையை முழுதாகத் தாண்டவில்லை.

கால் வைத்துவிட்டு நின்றாளே, அந்த இடைவெளி இப்போது மறைந்திருக்கும். முன்கால் தரையைத் தொடுவதற்குள் பேட் இறங்கத் தொடங்கியிருக்கும். மொபைலில் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டில் எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

பெரும்பாலான கோச்சுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அவள் ஷாட் நன்றாக வருகிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. அதனால் அதே ஃபுல் லென்த் பந்தையே போட்டுக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் நாட்களில் இந்த ஆசை இன்னும் கூடும். முதல் நிலைக்குச் சரியாக இருந்த அந்தப் பயிற்சி, இரண்டாவது நிலையில் அவளைத் தேக்கி வைக்கிறது. டிரைவ் என்பது அசைவு மட்டும் அல்ல; ‘இது டிரைவ் ஆட வேண்டிய பந்து’ என்று அடையாளம் காண்பது அதன் முதல் பாதி. ஒரே இடத்தில் பந்து போட்டால் அந்த முதல் பாதிக்குப் பயிற்சியே கிடைக்காது.

1994-இல் கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களிடம் ஹால், டோமிங்கஸ், கவாஸோஸ் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். வாரத்தில் இரண்டு நாள், ஆறு வாரம், ஒவ்வொரு முறையும் 45 பந்து கூடுதல் பயிற்சி. ஒரு குழுவுக்கு ஃபாஸ்ட் பால் 15, கர்வ் பால் 15, சேஞ்ச் அப் 15 என்று வரிசையாக வந்தது. இன்னொரு குழுவுக்கு அதே 45-உம் கலந்து வந்தது, அடுத்தது என்ன என்று தெரியாது. முடிவில் வைத்த தேர்வில் கலந்து ஆடியவர்களின் முன்னேற்றம் தெளிவாக மற்றவர்களை மிஞ்சியது. கலந்து ஆடும் பயிற்சியில் பொதுவாக ஒரு சங்கடம் உண்டு. பயிற்சி நடக்கும்போது ஆட்டம் மோசமாகத் தெரியும், பலன் பிறகுதான் தெரியும். அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

நம் மாணவிக்கு இதை எப்படிச் செய்வது? 24 பந்து கொண்ட ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். 12 ஃபுல், 8 குட் லென்த், 4 ஷார்ட். வரிசையைக் கலைத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கை தானாக அவளுக்குப் பிடித்த பந்துக்கே போகும். ஒவ்வொரு பந்துக்கும் இரண்டே கட்டம்: முடிவு சரியா, அடி சரியா. ஃபுல் பந்துக்கு முன்னால் வந்து டிரைவ் ஆடினால், பந்து எங்கே பட்டாலும் முடிவு சரி. நடு பேட்டில் பட்டுத் தரையோடு போனால் அடி சரி.

ஒரு நாள் கணக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 ஃபுல் பந்தில் 11-க்கு டிரைவ் ஆடினாள், அதில் 9 நடு பேட்டில். 8 குட் லென்த்தில் 5-க்கும் டிரைவ் ஆடினாள். இரண்டு எட்ஜ், ஒன்று காற்றில். வேலிக்கு வெளியே நிற்பவருக்கு இது ‘டிரைவில் எட்ஜ் ஆகிறாள், பேட் நேராக வரவில்லை’ என்று தெரியும். தாள் வேறு கதை சொல்கிறது. ஃபுல் பந்துக்கு அவள் பேட் நேராகத்தான் வருகிறது. குட் லென்த்தை ஃபுல் என்று படிக்கிறாள், அவ்வளவுதான். இதற்கு எல்போ, கிரிப் என்று தொட்டால் நன்றாக இருக்கும் அசைவும் கெடும். இவளுக்குத் தேவை லென்த் படிக்கும் பயிற்சி. பேட்டே இல்லாமல் ஸ்டான்ஸில் நின்று, மேலே பட்டாலும் வலிக்காத மென்பந்தைப் பௌலர் போட, பந்து தரையைத் தொடும் முன்பே ‘ஃபுல்’, ‘குட்’, ‘ஷார்ட்’ என்று சொல்ல வைக்கலாம். அடுத்து, டிரைவ் ஆட வேண்டிய பந்தை அடிக்கவும் மற்றதை அப்படியே விடவும் சொல்லலாம். விட்டதற்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் விடமாட்டாள்.

உங்கள் பையனுக்கும் முதலில் இந்த 24 பந்துத் தாளைப் போட்டுப் பாருங்கள். தவறு எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்று தெரியாமல் அவனுடைய டெக்னிக்கில் கை வைக்க வேண்டாம்.

இந்த நிலையில் பௌலிங் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய அது நல்ல கருவி. ஆனால் அதற்குக் கை இல்லை, ஓட்டம் இல்லை, மணிக்கட்டு இல்லை. ஆட்டக்காரர் லென்த்தை முன்கூட்டி ஊகிப்பதற்குப் பௌலரின் உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும் குறிப்புகள் எதுவும் அங்கே கிடைக்காது. ஆகவே முடிவெடுக்கும் பயிற்சிக்கு மனிதக் கை வேண்டும். பௌலர் இல்லாவிட்டால் சைட் ஆர்ம் பரவாயில்லை.

பேச்சும் மாற வேண்டும். முதல் நிலையில் நாம் சொன்னோம். இரண்டாவதில் நாம் கேட்க வேண்டும், அதுவும் உடனே அல்ல. பந்து போனதும் இரண்டு மூன்று விநாடி சும்மா இருங்கள். அவள் தன் உணர்வைத் தானே படிக்கும் நேரம் அது. ஒவ்வொரு பந்துக்கும் திருத்தம் சொன்னால் பயிற்சியில் நன்றாக ஆடுவாள், நீங்கள் இல்லாத இடத்தில் விழுந்துவிடுவாள், ஏனென்றால் திருத்தும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். தவறு ஒரு எல்லைக்குள் இருந்தால் மௌனம், எல்லையைத் தாண்டினால் மட்டும் பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம். தலை கொஞ்சம் சாய்ந்தால் விட்டுவிடுங்கள். மூன்று முறை தொடர்ந்து அதிகமாகச் சாய்ந்தால் நிறுத்திப் பேசுங்கள். குறிப்பையும் உடம்பிலிருந்து வெளியே நகர்த்துங்கள். ‘எல்போ மேலே’ என்பதைவிட, மிட் ஆஃப் பக்கம் இரண்டு கூம்புகளை மூன்று மீட்டர் இடைவெளியில் வைத்து, ‘இதுக்கு நடுவுல தரையோட அனுப்பு’ என்பது நன்றாக வேலை செய்யும். உறுப்பைப் பற்றி யோசிப்பதைவிட விளைவைப் பற்றி யோசிக்கும்போது அசைவு இயல்பாக வருகிறது என்பதற்குப் பல விளையாட்டுகளில் ஆதாரம் இருக்கிறது.

மூன்றாவது நிலையை ‘அழகாக ஆடுகிறாள்’ என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அழகு இரண்டாவது நிலையிலேயே வந்துவிடும். கேள்வி, ஷாட் ஆடிய பிறகும் அவள் கவனத்தில் மிச்சம் இருக்கிறதா என்பது. அதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. அவள் வழக்கமாக ஆடும் வேகத்தில், மென்பந்தில், முதலில் ஒரு தொகுதி சாதாரணமாக ஆடட்டும். அடுத்த தொகுதியில், 100-இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஆடச் சொல்லுங்கள்: 97, 94, 91. டிரைவும் எண்ணிக்கையும் இரண்டுமே கெடாமல் நடந்தால், அந்த வேகத்தில் அந்த ஷாட் தானாக நடக்கிறது. பந்து கையை விட்டதும் எண்ணுவது நின்றுவிட்டால், அல்லது எண்ணிக்கொண்டே கால் தப்பினால், அசைவுக்கு இன்னும் கவனம் செலவாகிறது. நின்றுபோவது தோல்வியல்ல, எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். குட் லென்த்துக்கு மட்டும் நின்றால் அங்கேதான் அவள் இன்னும் யோசிக்கிறாள்.

இதன் மறுபக்கத்தையும் கோச் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ராப் கிரே 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி வழிப் பேஸ்பால் பேட்டிங்கில் ஆட்டக்காரர்களுக்கு நடுவில் ஒரு ஒலி கேட்கும். ஒரு முறை, அந்த ஒலி உயர்ந்த சுருதியா தாழ்ந்ததா என்று சொல்ல வேண்டும். இன்னொரு முறை, ஒலி கேட்ட நொடியில் பேட் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். புதியவர்களின் ஆட்டத்தை முதல் வேலைதான் கெடுத்தது. தேர்ந்தவர்களுக்கு அது பொருட்டாகவே இல்லை. தங்கள் பேட்டைக் கவனிக்கச் சொன்ன இரண்டாவது வேலை அவர்களைக் கெடுத்தது. தானாக நடக்கும் ஷாட்டின் மேல் வெளிச்சம் அடித்தால் அது துண்டு துண்டாக உடைந்து, முதல் நாள் போலக் கால் வேறு கை வேறாகிவிடும். கால்காப்பு அணிந்து, உள்ளே போகக் காத்திருக்கும் ஆட்டக்காரரிடம் ‘எல்போவை மறக்காதே’ என்று சொல்லி அனுப்பும் கோச் செய்வது இதுதான்.

மிச்சமாகும் கவனம் எங்கே போகிறது என்று கேளுங்கள், மூன்றாவது நிலை பேச்சிலேயே தெரிந்துவிடும். நல்ல டிரைவுக்குப் பிறகு ‘என்ன பண்ணினே?’ என்றால் முதல் நிலையில் முழிப்பாள், இரண்டாவதில் தலையையும் காலையும் சொல்வாள். மூன்றாவதில் உடம்பே பேச்சில் வராது. ‘மிட் ஆஃப் நேரா நின்னாங்க, அதனால கொஞ்சம் ஸ்கொயரா தட்டினேன்’ என்பாள். ஷாட்டைப் பிரித்து விளக்கச் சொன்னால் தடுமாறுவாள். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் நல்ல கோச்சாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணும் மாறியிருக்கும். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியட் இருவரும் 2000-இல் பேட்டர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். யாரும் பந்தைக் கடைசிவரை தொடர்ந்து பார்க்கவில்லை. கையை விடும் கணத்தைப் பார்த்துவிட்டு, பந்து விழப்போகும் இடத்துக்குக் கண் முன்னாலேயே தாவி அங்கே காத்திருந்தது. நன்றாக ஆடுபவருக்கு அந்தத் தாவல் சீக்கிரமாக நடந்தது. ஆகவே ‘பந்தைக் கடைசிவரை பார்’ என்று திட்டுவதில் அர்த்தம் குறைவு. பௌலரின் கையைச் சரியான நேரத்தில் பார்க்கிறாளா என்பதைக் கவனியுங்கள்.

இந்த நிலையில் கோச்சின் வேலை சூழலை மாற்றுவது. மிட் ஆஃபை நெருக்கி வையுங்கள், எக்ஸ்ட்ரா கவரைத் திறந்து விடுங்கள், இரண்டு ஓவரில் எட்டு ரன் என்று சொல்லுங்கள், ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது அடுத்த பந்தைப் போடுங்கள். வேகத்தைக் கூட்டும்போது மட்டும் தயாராக இருங்கள். கையை விட்ட பந்து பேட்டுக்கு வரச் சுமார் 18 மீட்டர் என்று கொள்ளலாம். வழியில் வேகம் குறைவதை விட்டுவிட்டால், 80 கிலோமீட்டரில் அதற்கு 0.8 விநாடி, 120-இல் 0.54 விநாடி. தரையில் பட்ட பிறகு பந்து திசை மாறினால், அதைப் பார்த்துப் பேட்டை மாற்றத் தேர்ந்த ஆட்டக்காரருக்கே சுமார் 0.2 விநாடி வேண்டும். அதைக் கழித்தால் 120-இல் யோசிக்க மிஞ்சும் நேரம், 80-இல் மிஞ்சுவதில் பாதியைவிடச் சற்றுதான் கூடுதல். 80-இல் எண்ணிக்கொண்டே ஆடியவள் 120-இல் காலைக் குனிந்து பார்ப்பாள். பின்னால் போய்விட்டாள் என்று அலற வேண்டாம். புதிய சூழலில் அவள் இரண்டாவது நிலையில் இருக்கிறாள், 24 பந்துத் தாளை மறுபடியும் எடுங்கள். இந்த முறை சீக்கிரம் தாண்டுவாள்.

நிலைகளுக்கு நடுவே சுவர் கிடையாது. இத்தனை ஆயிரம் பந்துக்குப் பிறகு மூன்றாவது நிலை என்று எந்தக் கணக்கும் இல்லை, யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாவது நிலை வந்ததும் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. உயர்நிலை ஆட்டக்காரர்கள் எப்போதும் தானியங்கியில் ஓடுவதில்லை, முன்னேறுவதற்காக வேண்டுமென்றே பயிற்சியில் கவனத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்று ஆண்டர்ஸ் எரிக்சன் வாதிட்டார். பயிற்சி நாட்களைப் பொறுத்தவரை அதை ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக, தவறு ஒன்று மூன்றாவது நிலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பது. தானாக நடப்பது சரியாகவும் நடக்கும் என்று அர்த்தமில்லை. பதினாறு வயதுப் பையன், கீழ்க்கையை இறுக்கிப் பிடித்து ஆயிரக்கணக்கான டிரைவ் ஆடியிருக்கிறான், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தையும் மிட் விக்கெட்டுக்கே இழுக்கிறான். அதை மாற்ற வேண்டுமானால் அவனை முதல் நிலைக்குத் திரும்ப இறக்க வேண்டும். கீழ்க்கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்துப் பிடிக்கச் சொல்லி, கையிலிருந்து விடும் பந்தில் தொடங்குங்கள். சில வாரம் அவன் முன்பைவிட மோசமாக ஆடுவான். அதை அவனிடமும் வீட்டாரிடமும் தேர்வாளரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவழியில் பழைய பிடிக்குத் திரும்பிவிடுவான். ஆகவே சீசன் முடிந்த பிறகு தொடங்குங்கள். சீசன் நடுவில் தவறு கண்ணில் பட்டால் நோட்டில் குறித்துக்கொண்டு, அந்தத் தவறோடு எப்படி ரன் எடுக்கலாம் என்று மட்டும் திட்டமிடுங்கள்: எந்தப் பந்தை விடலாம், எந்தப் பந்துக்குக் காத்திருக்கலாம் என்று. பிடியை மாற்றிய பிறகும், நெருக்கடியில் பழைய பிடி சில முறை எட்டிப் பார்க்கும். அப்போது மறுபடி விதி சொல்லாமல், வேகத்தை ஒரு படி குறைத்துக் கலந்த பந்துகளுக்கே திரும்புங்கள்.